அப்பாவின் தப்படி எத்தனை செ.மீ.?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஏழு மணிக்கு மேல் ஒரு படம் வரும். நரைத்த ரோமம் படர்ந்த ஒரு மணிக்கட்டு, அதில் ஒரு கறுப்பு ஸ்மார்ட் வாட்ச், அதன் திரையில் சில எண்கள். அனுப்புவது அப்பா. வயது 71. போனையும் வாட்ச்சையும் இணைக்கும் செயலியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. "அது என் பிறந்த தேதி, எடை எல்லாம் கேக்குது. அதுக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்று முதல் நாளே அழித்துவிட்டார். அதனால் நடை முடிந்து வாசலுக்கு வந்ததும், இடது கையைத் தூக்கி, வலது கையில் போனைப் பிடித்து, திரையைப் படம் எடுத்து அனுப்புவதுதான் அவருக்குக் கணக்கு. திருச்சியில் இருக்கும் சித்தப்பாவும் போட்டிக்குத் தன் மணிக்கட்டை அனுப்புவார்.

ஒரு நாள் வந்த படத்தில் ஷூ சின்னத்துக்குப் பக்கத்தில் 9,046 என்றும், அதற்குக் கீழே 6.46 km என்றும் இருந்தது. நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை போய்ச் சுற்றித் திரும்பும் வழி அது. தம்பி அன்று மாலையே ஸ்கூட்டரில் அதே வழியில் போய் வந்து, "மீட்டர்ல 4.7 தான் காட்டுது" என்று குழுவில் போட்டுவிட்டான். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஸ்கூட்டர் நடக்குமாடா?" என்று ஒரே வரி பதில். அடுத்த வாரம் ஊருக்குப் போன என்னிடம் அம்மா இந்தத் தகராறைத் தீர்த்து வைக்கச் சொன்னாள்.

தீர்ப்பதற்கு வேண்டியது இரண்டே எண்கள். அப்பா எத்தனை தப்படி வைத்தார், ஒரு தப்படி எவ்வளவு நீளம். இரண்டையும் பெருக்கினால் தூரம். கேட்க எளிது. ஆனால் எங்களுக்கு ஒரே நடைக்கு ஐந்து விடைகள் கிடைத்தன.

முதலில் ஒரு சொல் தகராறு. வாட்ச் எண்ணுவதைப் பலரும் ஸ்டெப்ஸ் என்கிறார்கள், சிலர் அடி என்கிறார்கள். 'பத்தாயிரம் அடி நடந்தேன்' என்றால் நில அளவையில் அடி என்பது 30.48 செ.மீ., ஆக மூன்று கிலோமீட்டர்தான் ஆகிறது. நம்மிடம் இதற்கென்றே ஒரு நல்ல சொல் உண்டு: தப்படி. டேப் இல்லாத நேரத்தில் மனையின் அகலத்தை நடந்து பார்ப்பதும், தெருவில் ஸ்டம்புக்குச் செங்கல் நட்டுவிட்டு 22 தப்படி போட்டு பிட்ச் குறிப்பதும் இதனால்தான். அந்தப் பையன்கள் எல்லோருமே ஏமாந்தவர்கள் என்பது வேறு விஷயம். 22 கஜம் என்பது 20.12 மீட்டர். பத்து வயதுப் பையன் 60 செ.மீ. தப்படி வைத்தால் பிட்ச் 13 மீட்டரில் முடிந்துவிடும். எங்கள் தெருவில் வேகப்பந்து ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் விளங்கியது.

தப்படி என்பது ஒரு காலின் குதிகாலிலிருந்து அடுத்த காலின் குதிகால் வரை. இடது வைத்து, வலது வைத்து, மறுபடி இடது வைக்கும்போது இரண்டு தப்படி ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த இரட்டைத் தப்படிக்குத் தனிச் சொல் இருக்கிறது, ஸ்ட்ரைடு என்பார்கள். ஆனால் வாட்ச்சின் அமைப்புப் பக்கங்களிலும் கடைக்காரர் பேச்சிலும் அதே சொல்லை ஒற்றைத் தப்படிக்கும் சொல்லிவிடுகிறார்கள். ரோமானியர்களின் மைல் இரட்டைத் தப்படியில்தான் பிறந்தது. ஆயிரம் இரட்டைத் தப்படி ஒரு மைல். வாட்ச்சோ ஒவ்வொரு காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. மணலில் இடது காலிலிருந்து அடுத்த இடது காலுக்கு அளந்துவிட்டு, அதை வாட்ச் எண்ணால் பெருக்கினால் தூரம் அப்படியே இரட்டிப்பாகும். இந்தத் தவறை நானும் செய்தேன், பின்னால் சொல்கிறேன்.

முதலில் படம். 9,046 என்பது அன்றைய நடையின் எண் அல்ல. நள்ளிரவில் பூஜ்யமாகி, அப்பா கழிவறைக்கு எழுந்ததிலிருந்து சேர்ந்த எண். அவர் எப்போதும் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார், கேமரா வேலை செய்கிறதா என்று. அன்று எடுத்து அனுப்பாத அந்தப் படம் போனில் அப்படியே இருந்தது. நேரம் 6:02, ஸ்டெப்ஸ் 2,318. அனுப்பிய படத்தில் நேரம் 7:03, ஸ்டெப்ஸ் 9,046. கழித்தால் 6,728. நடை என்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

இந்தக் கழித்தலுக்கு முன்னால் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். வெயிலில் திரை மின்னும்போது 0 என்பது 8 போலவும், 1 என்பது 7 போலவும் தெரியும். அம்மா இந்தப் படத்தை முதலில் 9,846 என்றுதான் படித்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது நடுக்கோடு என்று அவள் நினைத்தது கண்ணாடியில் விழுந்த மின்கம்பியின் நிழல். இன்னொரு பொறி, திரையில் இருக்கும் மற்ற எண்கள். தீச்சுடர் சின்னத்துக்குப் பக்கத்தில் இருப்பது கலோரி, இதயச் சின்னத்துக்குப் பக்கத்தில் இருப்பது நாடித்துடிப்பு. சின்னம் படத்தில் விழவில்லை என்றால் எந்த எண் எது என்று மறுநாள் தெரியாது. நின்றவுடன் எடுக்காமல் சில விநாடி விட்டு எடுப்பதும் நல்லது. சில வாட்ச்கள் கடைசித் தப்படிகளைச் சற்றுத் தாமதமாகவே திரைக்குக் கொண்டுவருகின்றன.

6 மணிக்கு முன்னாலேயே 2,318 எப்படி வந்தது? அப்பா நாலரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார், அதற்கு அடிபம்பில் தண்ணீர் அடிப்பார். வாட்ச்சுக்குக் கால் தெரியாது. அதற்குள் இருக்கும் முடுக்கமானி என்னும் சின்ன உணரி, கை எப்படி அசைகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. ஒரே தாளத்தில், ஓரளவு வலுவோடு ஏறி இறங்கும் அசைவு சில முறை தொடர்ந்து வந்தால், இவர் நடக்கிறார் என்று முடிவு செய்து எண்ணத் தொடங்குகிறது. நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே அப்பாவை 50 முறை பம்பு அடிக்கச் சொன்னேன். நின்ற இடத்திலேயே 43 ஸ்டெப்ஸ் ஏறியது. அடிபம்பு என்ற பெயருக்கு ஏற்றபடி அதுவும் அடியாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இனி தப்படியின் நீளம். வாட்ச் அதற்கு எந்த எண்ணை வைத்திருக்கிறது என்பதைத் திரையே காட்டிக்கொடுத்தது. 6.46 கி.மீட்டரை 9,046 ஆல் வகுத்தால் 0.714 மீட்டர், அதாவது 71.4 செ.மீ. ஜி.பி.எஸ். இல்லாமல் தூரம் சொல்லும் பல கருவிகள் உயரத்தை ஒரு பின்னத்தால் பெருக்கித் தப்படியை ஊகிக்கின்றன. ஆண்களுக்கு 0.415 என்பது பரவலாகப் புழங்கும் எண். 172 செ.மீட்டரை 0.415 ஆல் பெருக்கினால் 71.4. வாட்ச் வாங்கிய அன்று அப்பா தன் உயரத்தை 172 என்று கொடுத்திருக்கிறார். அது அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அளவு. சுவரோடு நிறுத்தி வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன், இப்போது 168.

உயரத்தை வைத்து ஊகிப்பதைவிடக் காலடியை அளப்பது மேல் என்று, மறுநாள் விடியற்காலையில் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கையில், கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய 30 மீட்டர் டேப். தையல்காரர் டேப் இதற்கு உதவாது. துணி இழுத்தால் நீளும், அதோடு 150 செ.மீ.தான் இருக்கும், நான்கைந்து முறை நகர்த்தி வைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிழை சேரும்.

மணலில் எங்கே நடப்பது என்பதற்கும் ஒரு இடம் இருக்கிறது. காய்ந்த மணலில் குழியின் விளிம்பு சரிந்து மூடிக்கொள்கிறது. அலை நனைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் குழிக்குள் நீர் ஊறி வடிவம் கரைகிறது. அலை இப்போதுதான் வந்து போன, கால் அதிகம் புதையாத, பளபளப்பு மங்கத் தொடங்கிய பட்டைதான் சரி. அங்கே குதிகாலின் பின் விளிம்பு ஒரு பிறை போலத் தெளிவாக விழும். அளக்க வேண்டியது அந்தப் பின் விளிம்பிலிருந்து அடுத்த காலின் பின் விளிம்புக்கு. விரல் பக்கத்தை நம்பக்கூடாது. காலைத் தூக்கும்போது விரல்கள் மணலைப் பின்னால் தள்ளிக் கலைத்துவிடுகின்றன.

அளக்கப்போகிறோம் என்று தெரிந்தால் மனிதன் இயல்பாக நடக்க மாட்டான். முதல் முறை அப்பா அணிவகுப்பு போல நடந்தார். இரண்டாம் முறை சித்தப்பாவைப் பற்றி ஏதோ கேட்டேன். பேசிக்கொண்டே இயல்பாக நடந்தார். கிளம்பிய முதல் சில தப்படிகள் குட்டையாக இருக்கும், நிற்பதற்கு முந்தையவையும் அப்படித்தான், அவற்றை விட்டுவிட்டு நடுவில் 11 காலடிகளை எடுத்துக்கொண்டோம். 11 காலடி என்றால் இடைவெளி 10. இதில்தான் பலர் தடுமாறுவார்கள். வேலிக்கு நட்ட கம்பங்களை எண்ணி இடைவெளி என்று நினைத்துக்கொள்வது போல. 11 ஆல் வகுத்தால் தப்படி கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் குட்டையாகிவிடும்.

டேப்பை நடக்கும் திசைக்கு நேராகப் பிடித்தோம். இடது காலிலிருந்து வலது காலுக்குக் கோணலாகப் பிடித்தால், இரு கால்களுக்கும் இடையே உள்ள அகலமும் நீளத்தில் சேர்ந்துவிடும். அதனால் வரும் வித்தியாசம் சிறிதுதான். அகலம் 10 செ.மீ. என்றால் ஒரு தப்படியில் ஒரு செ.மீ. கூட வராது. முதல் குதிகாலிலிருந்து பதினோராவது குதிகால் வரை 6.14 மீட்டர். ஆக ஒரு தப்படி 61.4 செ.மீ.

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசி மாவில் பாதம் போடும் அம்மா, அன்று இரவு இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் போடுற கண்ணன் தப்படி எவ்வளவு?" என்றாள். முஷ்டியால் பதிக்கும் அந்தப் பாதங்களுக்கு இடைவெளியை நிர்ணயிப்பது கூடத்தின் நீளமும் மாவின் இருப்பும்தான்.

மணலில் ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. இடது காலை ஊன்றி வலது காலை வைக்கும் தப்படி 59 செ.மீட்டரை ஒட்டியும், வலது காலை ஊன்றி இடது காலை வைக்கும் தப்படி 64 செ.மீட்டரை ஒட்டியும் மாறி மாறி வந்தன. கடற்கரை கடலை நோக்கிச் சரிவாக இருப்பதால் இருக்கலாம் என்று நினைத்தேன். அதைச் சோதிக்க எளிய வழி, திரும்பி நடக்கச் சொல்வது. திரும்பும்போது தாழ்வான பக்கம் அடுத்த காலுக்கு மாறிவிடும், சரிவுதான் காரணம் என்றால் குட்டைத் தப்படியும் மாற வேண்டும். மாறவில்லை. அப்பாவின் இடது முழங்காலில் வலி உண்டு. வலிக்கிற காலில் அதிக நேரம் நிற்க மாட்டார், அதனால் அடுத்த காலை அவசரமாகக் கிட்டத்திலேயே வைத்துவிடுகிறார். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு தப்படியை அளந்து பெருக்கினால் கணக்கு எங்கோ போய்விடும். இரட்டைப்படை எண்ணிக்கையில் இடைவெளிகளை எடுத்தால் இரண்டு கால்களும் சமமாகக் கணக்கில் வரும்.

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். வீட்டுக்கு வந்து, குறிப்பேட்டில் இருந்த இடது-இடது அளவை எடுத்துப் பெருக்கினேன். 8.26 கி.மீ. என்று வந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் இரண்டு படங்களுக்கும் இடையே இருந்த நேரம் 61 நிமிடம். மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் என்றால் அது ஓட்டம், முழங்கால் வலியோடு 71 வயதில் யாரும் அப்படி நடப்பதில்லை. படத்தில் நேரம் பதிவாகியிருப்பதன் பெரிய பயன் இதுதான். சாதாரண நடை மணிக்கு நான்கிலிருந்து ஐந்தரை கி.மீ.க்குள் இருக்கும், விடை அதைத் தாண்டிப் போனால் முதலில் ஒற்றையா இரட்டையா என்று பார்க்க வேண்டும்.

சரியான ஒற்றைத் தப்படியால் பெருக்கினால் 6,728 × 0.614, அதாவது 4.13 கி.மீ. இப்போது அப்பாவின் முகம் வாடிவிட்டது. தம்பி அழைத்து, "என் ஸ்கூட்டரைவிடக் கம்மியா?" என்றான்.

அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. அப்பா தினமும் நடப்பது வெறுங்காலில் மணலில் அல்ல, ஷூ போட்டுத் தார்ச் சாலையில். மணலில் கால் புதைந்து, தள்ளும் விசையில் கொஞ்சம் மணலுக்குள்ளேயே போய்விடுகிறது. அங்கே தப்படி குட்டையாவது இயல்பு. எந்தத் தரையில் நடந்தாரோ அந்தத் தரையில்தான் காலடி எடுக்க வேண்டும். ஆனால் தார்ச் சாலையில் காலடி விழாதே.

அம்மாவின் கோலமாவுத் தட்டில் மிதிக்க வைக்கலாம் என்று சொன்னதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி, தெருவின் சிமென்ட் சாலையில் விரித்தோம். அப்பா சாக்குக்குப் பத்துத் தப்படி முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கி, அதை மிதித்து, நிற்காமல் போக வேண்டும். அப்போதுதான் வேகம் இயல்பாக இருக்கும். சாக்கிலேயே நின்று கிளம்பினால் முதல் தப்படிகள் குட்டையாகிவிடும். ஈர ஷூவின் தடம் பதினோராவது காலடியில் மங்கிவிடுகிறது, வெயில் ஏறுவதற்குள் குதிகால் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவிட வேண்டும். மூன்று முறை எடுத்தோம். 10 தப்படிக்கு 6.68, 6.75, 6.73 மீட்டர். சராசரி 6.72. ஒரு தப்படி 67.2 செ.மீ.

மணலுக்கும் சாலைக்கும் ஏறக்குறைய 6 செ.மீ. வித்தியாசம். கையால் காட்டினால் நாலு விரல் அகலம் கூட இல்லை. ஆனால் தப்படியில் ஒரு செ.மீ. தவறினால் 6,728 தப்படியில் 67 மீட்டர் தவறுகிறது. சாலைத் தப்படியால் பெருக்கினால் 4.52 கி.மீ.

தகராறு இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம் மீதி இருந்தது. நாங்கள் அளந்தது அப்பாவின் கால் வைக்கும் தப்படியை. பெருக்கியது வாட்ச் எண்ணிய தப்படியை. இரண்டும் ஒன்றா?

அதைப் பார்க்க, நீளம் தெரிந்த ஒரு பாதை வேண்டும். மாவட்ட விளையாட்டு மைதானத்தில் 400 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. அதிலும் கவனம் வேண்டும். 400 மீட்டர் என்பது உள் விளிம்பை ஒட்டிய முதல் தடத்துக்கு மட்டும், அதுவும் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தது. முறைப்படி அமைத்த பாதையில் எட்டாவது தடத்தில் ஒரு சுற்று 453 மீட்டர். காலையில் நடக்க வருபவர்கள் ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு வெளித் தடத்தில் நடந்து, பத்துச் சுற்று நாலு கிலோமீட்டர் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அவர்கள் அரை கிலோமீட்டர் கூடுதலாகவே நடந்திருப்பார்கள்.

அப்பா முதல் தடத்தில் ஐந்து சுற்று நடந்தார். 2,000 மீட்டர். வாட்ச் எண்ணியது 2,890, அதாவது சுற்றுக்கு 578. ஒரு சுற்றில் நான் பின்னாலேயே போய் வாய்விட்டு எண்ணினேன், 595. நானூறை 595 ஆல் வகுத்தால் 67.2 செ.மீ. ஈரச் சாக்கு சொன்னதும் அதுதான் என்பதால், காலடி அளவில் குறை இல்லை என்று தெரிந்தது. வாட்ச்தான் சுற்றுக்கு 17 தப்படிகளைத் தவறவிடுகிறது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறார். ஓய்வு பெற்றவர்களின் நடை அது. கை வீசாதபோது மணிக்கட்டில் இருக்கும் வாட்ச்சுக்கு உடம்பின் மெல்லிய அதிர்வு மட்டுமே எட்டுகிறது. தனியாகச் சோதித்தோம். கைவீசி 100 தப்படி நடந்தபோது 99 எண்ணியது. கைகோத்து 100 நடந்தபோது 81. பால் தூக்கு, குடை, காதோடு பிடித்த போன், பேரப்பிள்ளையின் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இடுப்பில் மாட்டும் பழைய மாதிரிக் கருவிக்கு இந்தக் குறை குறைவு, அங்கே கைக்கு வேலையில்லை.

ஆகவே அப்பாவுக்கு இரண்டு தப்படிகள் இருக்கின்றன. அவர் கால் வைப்பது 67.2 செ.மீ. வாட்ச்சின் ஓர் எண்ணுக்கு அவர் கடக்கும் தூரம், 2,000 மீட்டரை 2,890 ஆல் வகுக்க வருவது, 69.2 செ.மீ. படத்தில் இருக்கும் எண்ணைப் பெருக்க வேண்டியது இரண்டாவதால். 6,728 × 0.692 என்றால் 4.66 கி.மீ. ஸ்கூட்டர் சொன்ன 4.7க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 61 நிமிடத்துக்கு மணிக்கு 4.6 கி.மீ. வேகம், அதுவும் நம்பும்படி இருக்கிறது.

வாட்ச் தன் 71.4 செ.மீட்டரை வைத்து இந்த நடையை மட்டும் கணக்கிட்டிருந்தால் 4.80 என்றிருக்கும். அப்படியொன்றும் மோசமில்லை. 6.46 என்ற பெரிய தவறில் பெரும்பகுதி, அடிபம்பும் வீட்டுக்குள் நடமாட்டமும் சேர்ந்த அந்த 2,318இல் இருந்து வந்தது. உயரத்தை 168 என்று திருத்தியிருந்தால் 4.69 என்றே காட்டியிருக்கும், கிட்டத்தட்ட சரி. ஆனால் அது இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த சரி. தப்படியை நீளமாக நினைத்தது, எண்ணிக்கையில் குறைத்தது. நாளைக்கு முழங்கால் வலி குறைந்து அப்பா கைவீசி நடந்தால் அந்தச் சரி காணாமல் போகும்.

காலடியிலிருந்து நடையைக் கணக்கிடும் ஒரு வினாவைப் பல நாட்டு மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு பீசா தேர்வில் மணலில் ஒருவரின் காலடிகள் படமாகத் தரப்பட்டு, இரண்டு அடுத்தடுத்த காலடிகளின் பின் விளிம்புகளுக்கு இடையேயான நீளம் P என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆண்களுக்கு, நிமிடத்துக்கு வைக்கும் தப்படிகளை n என்று வைத்தால், n/P = 140 என்ற தோராயமான தொடர்பு கொடுக்கப்பட்டது. வேகமாகக் கால் மாற்றினால் தப்படியும் நீளும் என்பதே அதன் உட்பொருள். அப்பாவின் படத்தில் நிமிடத்துக்கு 110. அந்தக் கணக்குப்படி அவர் தப்படி 79 செ.மீ. இருக்க வேண்டும். இல்லை. வயதாகும்போது காலை மாற்றும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை, தப்படிதான் சுருங்குகிறது. அப்பாவோடு நடந்தால் அவர் விறுவிறுவென்று போவதுபோல் தோன்றும், ஆனால் நான் சாவகாசமாகவே கூடப் போய்விட முடியும். அதனால் பொதுச் சூத்திரத்தை அவர் தலையில் கட்டுவதைவிட அவருடைய காலடியையே கேட்பது நல்லது. வேகம் மாறினால் தப்படியும் மாறும் என்பதால், எந்த வேகத்தில் தினமும் நடக்கிறாரோ அந்த வேகத்தில் அளக்க வேண்டும்.

தப்படியைக் கொண்டு நாட்டையே அளந்தவர்கள் இதை எதிர்த்திசையிலிருந்து தீர்த்தார்கள். 1860களில் திபெத்துக்குள் ஆங்கிலேய அளவையாளர்கள் நுழைய முடியாதபோது, இந்திய நில அளவைத் துறையின் மாண்ட்கோமரி, குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த நைன் சிங் போன்றவர்களைப் பயிற்றுவித்து அனுப்பினார். மேடோ பள்ளமோ, ஒவ்வொரு தப்படியும் ஒரே நீளத்தில் விழும்படி அவர்களைப் பழக்கினார்கள். கையில் ஜபமாலை. 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடியும்போது பத்தாயிரம் தப்படி. தப்படிகளைத் தவறவிடாத கருவி அது, விரல்தான் உணரி. 1877இல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிக்கல் சொசைட்டி நைன் சிங்குக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பத்தாயிரம் என்ற எண் மறுபடி பிரபலமானது 1965இல், ஜப்பானில் மான்போ-கெய் என்ற பெயரில் ஓர் இடுப்புக் கருவி விற்பனைக்கு வந்தபோது. பெயரின் பொருளே பத்தாயிரம் தப்படி மானி. அந்த எண் விளம்பரத்துக்கு வசதியாக இருந்தது, அப்படியே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அதில் எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவின் வாட்ச்சில் 10,000 என்றால் 6.9 கி.மீ.

நைன் சிங்கைப் போல அப்பாவின் தப்படியை ஒரே அளவாக்குவது நடக்காத காரியம். அதனால் அவருடைய 0.692ஐ வாட்ச் பட்டையின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொடுத்தேன். இப்போது கிளம்பும்போது ஒரு படம், திரும்பியதும் ஒரு படம். கழித்து, பெருக்கி, குழுவில் ஒரே வரி போடுகிறார். நேற்று வந்தது: 6,811 × 0.69 = 4.70.

கீழே சித்தப்பா கேட்டிருந்தார், "அண்ணே, இந்த 0.69 எங்க விக்குது?" அடுத்த வாரம் அவர் நாகைக்கு வருகிறார். கொத்தனார் டேப்பைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். அப்பா இன்னும் கொடுக்கவில்லை.